டிரேடிங்குக்கு மாதம் எவ்வளவு? கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேச ஒரு வழிகாட்டி

சம்பளம் வரும் வங்கிக் கணக்கும் புரோக்கர் கணக்கும் நேராக இணைந்திருக்கும் வீட்டில் பங்குச் சந்தை டிரேடிங்குக்குப் பட்ஜெட் என்று ஒன்று கிடையாது. இரவு 9 மணிக்கு "இன்னும் 5,000 போட்டா விட்டதைப் பிடிச்சிடலாம்" என்று தோன்றினால், யுபிஐ பின்னை அழுத்த அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்தில் போவது அடுத்த மாதம் கட்ட வேண்டிய பள்ளிக் கட்டணமாக இருக்கலாம். ஆகவே இந்தப் பேச்சில் தொகையைப் பேசுவது பாதி வேலைதான். அந்தத் தொகைக்கு மேல் பணம் போகாதபடி வழியை அடைப்பது மீதிப் பாதி.

திருப்பூரில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். கணவருக்குப் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மாதம் 52,000 ரூபாய் சம்பளம். மனைவி தனியார் பள்ளி ஆசிரியை, 23,000 ரூபாய். கணவர் 14 மாதங்களாக டிரேடிங் செய்கிறார், பெரும்பாலும் ஆப்ஷன், அதாவது பங்கையோ சந்தைக் குறியீட்டையோ குறித்த விலைக்கு வாங்கவோ விற்கவோ தரும் உரிமையை, வாங்கி விற்பது. கீழே வரும் உரையாடல் இவர்களுடையது. எண்களை மாற்றினால் எந்த வீட்டுக்கும் பொருந்தும். டிரேடிங் செய்வது மனைவி என்றாலும் படிகள் இவையேதான்.

முதலில் லெட்ஜர், அதற்குப் பிறகு பேச்சு

பேச உட்காரும் நாளை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சந்தை திறந்திருக்கும் நேரம் வேண்டாம், நஷ்டம் வந்த அன்றும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலை நல்ல நேரம். மேசைமேல் இருக்க வேண்டியவை இரண்டு: கடந்த மூன்று மாத வங்கி ஸ்டேட்மென்ட், புரோக்கர் தளத்திலிருந்து இறக்கிய லெட்ஜர். கணக்கு தொடங்கிய நாளிலிருந்து இன்றுவரை தேதி கொடுத்து லெட்ஜரை இறக்க வேண்டும்.

ஆப்பில் தெரியும் லாப நஷ்டத் திரையைக் காட்டிப் பேசுவதுதான் முதல் தவறு. பல ஆப்களில் அந்த எண், வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே. புரோக்கரேஜ், எஸ்டிடி என்ற பங்குப் பரிவர்த்தனை வரி, ஜிஎஸ்டி, முத்திரைக் கட்டணம், பங்குகளை மின்னணு வடிவில் வைக்கும் டீமேட் கணக்கின் ஆண்டுக் கட்டணம் எல்லாம் அதில் கழிந்திருக்காது. லெட்ஜர் அப்படியல்ல. உள்ளே போனதும் வெளியே வந்ததும் ஒவ்வொரு வரியாக அதில் இருக்கும்.

"ஏனுங்க, மொத்தம் எவ்வளவு போயிருக்குங்க?"

"ஆப்புல இருபத்தோராயிரத்து எண்ணூறு நஷ்டம்னு காட்டுது."

"ஆப்பு வேண்டாமுங்க. நம்ம பேங்க்ல இருந்து எவ்வளவு போச்சு, எவ்வளவு திரும்பி வந்துச்சு? அதை மட்டும் கூட்டிப் பாப்போம்."

லெட்ஜரில் பார்த்தால் வங்கியிலிருந்து போனது 1,14,000. திரும்ப வந்தது 31,000. இன்று கணக்கில் ரொக்கமும் பங்கும் சேர்த்து 52,500. போனதிலிருந்து மற்ற இரண்டையும் கழித்தால் 30,500 ரூபாய். இதுதான் உண்மையான நஷ்டம். ஆப் காட்டியதைவிட 8,700 ரூபாய் அதிகம். நூற்றைம்பது முறை ஆப்ஷன் வாங்கி விற்றால், ஒவ்வொரு முறையும் வாங்க 20, விற்க 20, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, கூடவே மற்ற வரிகள் என்று இவ்வளவு சேர்ந்துவிடும்.

அந்த 30,500 ரூபாயை இந்த இடத்திலேயே மூடிவிட வேண்டும். அதை மீட்பது பட்ஜெட்டின் நோக்கமாகிவிட்டால், பேசி முடிக்கும் எந்தத் தொகையும் போதாது. ஒன்று மட்டும் செய்யலாம். அது எஃப் அண்ட் ஓ, அதாவது ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன் ஒப்பந்தங்களில் வந்த நஷ்டம் என்றால், ஐடிஆர்-3 என்ற வருமான வரிப் படிவத்தில், கெடு தேதிக்குள் கணக்குத் தாக்கல் செய்தால், 8 ஆண்டுகள் வரை முன்னெடுத்துச் சென்று தொழில் வருமானத்தில் கழிக்கலாம். அன்றே வாங்கி அன்றே விற்கும் இன்ட்ராடே பங்கு நஷ்டத்துக்கு அந்த வரம்பு 4 ஆண்டுகள், அதையும் அதே வகை லாபத்தில்தான் கழிக்க முடியும். சம்பள வருமானத்தில் இரண்டையுமே கழிக்க முடியாது.

தொகை எப்படி வரும்

"மாசம் பத்தாயிரம் ஒதுக்கினாத்தான் ஏதாவது பண்ண முடியும்."

"பண்ண முடியுமான்னு அப்புறம் பாப்போமுங்க. அந்தப் பத்தாயிரம் எங்கிருந்து வருது, அதை மொதல்ல எழுதுவோம்."

இந்த வரிசை முக்கியம். டிரேடிங்குக்கு எவ்வளவு தேவை என்று தொடங்கினால் வீட்டுச் செலவு சுருங்கும். வீட்டுச் செலவில் தொடங்கினால் டிரேடிங் சுருங்கும். இரண்டாவதுதான் சரி.

வருமானம் 75,000. வாடகை 11,000. மளிகை, பால், காய்கறி, சிலிண்டர், மின்சாரம், பெட்ரோல் எல்லாம் 19,000. பள்ளிக் கட்டணம் ஆண்டுக்கு 96,000, அதாவது மாதம் 8,000. பைக் தவணை 4,200. ஊரில் இருக்கும் பெற்றோருக்கு 6,000. ஆயுள், மருத்துவக் காப்பீடுகளுக்கு ஆண்டுக்கு 30,000, மாதம் 2,500. தீபாவளி, மொய், கோயில் செலவுக்கு 3,000. ஆர்டியும் எஸ்ஐபியும் 10,000. சீட்டு 5,000. கூட்டினால் 68,700. மிச்சம் 6,300.

ஆண்டுக்கு ஒருமுறை வரும் செலவுகளை 12-ஆல் வகுத்து எழுதாத வீடுகளில்தான் மாதம் 15,000 மிச்சம் இருப்பதுபோலத் தெரியும். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது அந்த மிச்சம் காணாமல் போகும். அந்தச் சமயம் பணம் டிரேடிங் கணக்கில் நஷ்டத்தில் இருந்தால், விற்கவும் மனம் வராது, கட்டணத்துக்கும் பணம் இருக்காது.

"அப்ப ஆறாயிரத்து முன்னூறு எடுத்துக்கலாம்."

"அது ரெண்டு பேருக்கும் சேர்ந்த மிச்சமுங்க. மருந்து, வண்டி ரிப்பேரு, திடீர்னு ஊருக்குப் போறதுன்னு எல்லாம் அதுலதான். ஒண்ணு கேக்கறேன். இந்தப் பணம் வருசம் பூரா மொத்தமாப் போனா, நாம எதை நிறுத்துவோம்?"

தொகையை முடிவு செய்யும் கேள்வி இதுதான். பட்ஜெட் தொகையை 12-ஆல் பெருக்கி, அவ்வளவும் பூஜ்யமாகிவிட்டது என்று வைத்துக்கொண்டு பதில் சொல்ல வேண்டும். மாதம் 6,000 என்றால் ஆண்டுக்கு 72,000. அது போனால் மருத்துவச் செலவு வரும்போது நகையை அடகு வைக்க வேண்டியிருக்கும். மாதம் 2,000 என்றால் 24,000. அது போனால் வெளியூர்ப் பயணம் ஒன்றும், வெளியே சாப்பிடுவதும் குறையும். "எதையும் நிறுத்த வேண்டியதில்லை" என்ற பதில் வந்தால் ஏதோ ஒரு செலவை எழுத மறந்திருக்கிறார்கள்.

மொத்தமும் போய்விடும் என்று வைத்துக் கணக்கிடுவது மிகையல்ல. பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று ஆண்டுகளில் பங்குச் சந்தையின் எஃப் அண்ட் ஓ பிரிவில் ஈடுபட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டம் அடைந்தார்கள். சராசரி நஷ்டம் தலைக்குச் சுமார் 2 லட்சம் ரூபாய். ஆகவே இந்தத் தொகையை வருமானத்துக்கான முதலீடாக எழுதாமல் செலவுப் பக்கத்தில் எழுதுங்கள். ஆர்டி, எஸ்ஐபி, சீட்டு, காப்பீடு எதிலும் ஒரு ரூபாய்கூடக் குறையாமல், எல்லாம் போன பிறகு மிஞ்சுவதில்தான் இது வர வேண்டும். ஆறு மாதச் செலவுக்கான அவசர வைப்பு இன்னும் சேரவில்லை என்றால், அது சேரும்வரை மிச்சத்தின் பெரும்பகுதி அங்கே போகட்டும்.

இவர்கள் 2,000 என்று முடித்தார்கள்.

"ரெண்டாயிரத்துல ஆப்ஷன் எல்லாம் பண்ண முடியாதே."

அவர் சொன்னது உண்மை. நிஃப்டி ஆப்ஷனில் ஒரு லாட், அதாவது வாங்கக்கூடிய குறைந்தபட்ச அளவு, 65 என்று வைத்துக்கொண்டால், ஆப்ஷனின் விலையான பிரீமியம் 30 ரூபாயாக இருக்கும்போது ஒரு லாட் வாங்க 1,950 ரூபாய். வாங்கி விற்க புரோக்கரேஜும் அதன் ஜிஎஸ்டியும் மட்டுமே 47 ரூபாய்க்கு மேல், அதாவது போட்ட பணத்தில் 2.4 சதவீதம். ஒரே டிரேடில் மாத பட்ஜெட் முடிந்துவிடும். பட்ஜெட்டுக்குள் அடங்காத பொருளுக்காகத் தொகையை ஏற்றக் கூடாது, அந்தப் பொருளைத்தான் விட வேண்டும். 2,000 ரூபாயில் டெலிவரியாக, அதாவது முழுப் பணம் கொடுத்து டீமேட்டில் வைத்துக்கொள்ளும் விதத்தில், பங்கு வாங்கிப் பிறகு விற்கலாம். அங்கும் செலவு உண்டு: எஸ்டிடி வாங்கும்போது 0.1 சதவீதம், விற்கும்போது 0.1 சதவீதம், விற்கும் நாளில் டீமேட்டிலிருந்து பங்கை எடுக்கும் டிபி கட்டணம் ஜிஎஸ்டியோடு ஏறக்குறைய 18 ரூபாய். 2,000 ரூபாய்ப் பங்குக்குச் சுமார் 22 ரூபாய், அதாவது 1 சதவீதத்துக்குச் சற்று மேல். டிபி கட்டணம் தொகையைப் பொறுத்ததல்ல, ஒரு பங்கை ஒரு நாளில் எவ்வளவு விற்றாலும் ஒன்றேதான். ஆகவே இரண்டு மூன்று மாதத் தொகையைச் சேர்த்து வாங்கினால் சதவீதம் குறையும்.

கதவு எந்த இடத்தில்

"மாதம் 2,000" என்று சொல்லிவிட்டால் இருவரும் ஒன்றையே புரிந்துகொண்டார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. கணவர் அதை மாதம் 2,000 வரை நஷ்டப்படலாம் என்று எடுத்துக்கொள்ளலாம். மனைவி அதை கணக்கில் மொத்தமே 2,000தான் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம். நஷ்டத்தை வைத்து வரையறுத்தால், இன்னும் விற்காத பங்கு நஷ்டமா இல்லையா என்ற வாதம் மாதாமாதம் வரும். சம்பளக் கணக்கிலிருந்து வெளியே போகும் பணம் என்று வரையறுத்தால் வாதத்துக்கு இடமே இல்லை, ஸ்டேட்மென்டில் ஒரே ஒரு வரிதான் இருக்கும்.

அதற்கான அமைப்பு இது.

1. சம்பளம் வரும் வங்கி அல்லாத வேறொரு வங்கியில், கணவர் பெயரில், குறைந்தபட்ச இருப்பு தேவையில்லாத சேமிப்புக் கணக்கு ஒன்றைத் தொடங்குங்கள். இது டிரேடிங்குக்கு மட்டும். கிரெடிட் கார்டு, ஓவர்டிராஃப்ட் எதுவும் வேண்டாம். அந்த வங்கியின் ஆப்பில் முன் அனுமதி பெற்ற கடன் என்று வரும் அறிவிப்புகளை முதல் நாளே நிறுத்திவிடுங்கள்.

2. சம்பளக் கணக்கிலிருந்து அந்தக் கணக்குக்கு மாதம் 5-ஆம் தேதி 2,000 ரூபாய் தானாகப் போகும்படி நிலையான உத்தரவு கொடுங்கள். ஆர்டி, எஸ்ஐபி, சீட்டு மூன்றும் 5-ஆம் தேதிக்கு முன்பே கழிந்துவிட வேண்டும்.

3. புரோக்கர் தளத்தில் புதிய கணக்கைச் சேர்த்து, அதையே முதன்மை வங்கிக் கணக்காக ஆக்குங்கள். பிறகு சம்பளக் கணக்கை அங்கிருந்து நீக்குங்கள். புதியதைச் சேர்த்துவிட்டுப் பழையதை விட்டுவைப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு. அப்படி விட்டால் மேலே செய்த இரண்டும் வீண்.

4. பயன்படுத்தாத பணத்தைத் திருப்பி அனுப்பும் காலத்தை 30 நாள் என்று தேர்ந்தெடுங்கள். செபி விதிப்படி புரோக்கர்கள் மாதத்துக்கு ஒருமுறையோ மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ, வாடிக்கையாளர் விருப்பப்படி, சும்மா கிடக்கும் பணத்தை முதன்மை வங்கிக் கணக்குக்கு அனுப்ப வேண்டும். அந்தப் பணம் இனி தனிக் கணக்குக்கு வரும்.

மூன்றாவது படிதான் பூட்டு. புரோக்கரிடம் பதிவு செய்யாத கணக்கிலிருந்து அனுப்பிய பணத்தை அவர்கள் டிரேடிங்குக்கு ஏற்றுக்கொள்ளமாட்டார்கள், சில நாளில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மனைவி கணக்கிலிருந்து அனுப்பினாலும் அப்படித்தான், மூன்றாம் நபர் பணத்துக்கு அனுமதியே இல்லை. பழைய கணக்கைத் திரும்பச் சேர்க்க வேண்டுமானால் விண்ணப்பம், சரிபார்ப்பு என்று ஒன்றிரண்டு நாள் ஆகலாம். நஷ்டம் வந்த இரவில் அந்த இரண்டு நாள்தான் வீட்டைக் காக்கும்.

இதிலும் ஓர் ஓட்டை உண்டு. சம்பளக் கணக்கிலிருந்து தனிக் கணக்குக்கு 5-ஆம் தேதிக்கு மேல் இன்னொரு முறை பணம் அனுப்புவதை எந்த விதியும் தடுக்காது. ஆனால் அது ஸ்டேட்மென்டில் இரண்டாவது வரியாகத் தெரியும். இரண்டு கணக்குகளின் மாத ஸ்டேட்மென்டும் இருவரும் திறக்கக்கூடிய ஒரே மின்னஞ்சலுக்கு வரும்படி செய்துவிடுங்கள்.

ஏற்கெனவே கணக்கில் இருக்கும் பணத்துக்கும் முடிவு சொல்ல வேண்டும். இவர்கள் கணக்கில் 52,500 இருக்கிறது, வந்தது அவசர வைப்பிலிருந்து.

"அதை அப்படியே வச்சுக்கிட்டா மாசம் ரெண்டாயிரம் போடவே வேண்டாமே?"

"அது வீட்டுப் பணமுங்க, தப்பா அங்க போயிருக்குது. பன்னெண்டாயிரம் இருக்கட்டும். நாப்பதாயிரத்து ஐநூறு திரும்பி வரட்டும்."

அப்படியே செய்தார்கள். மேல் வரம்பும் வைத்தார்கள்: தனி வங்கிக் கணக்கு, புரோக்கர் கணக்கு, பங்குகளின் மதிப்பு மூன்றும் சேர்ந்து ஓராண்டு பட்ஜெட்டான 24,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. காலாண்டு முடிவில் கூட்டிப் பார்த்து, தாண்டியது சேமிப்புக்குத் திரும்பும். லாபத்தை என்ன செய்வது என்ற கேள்விக்கும் இந்த ஒரே விதி பதில் சொல்லிவிடுகிறது. ஒரு மாதம் எதுவும் வாங்காமல் விட்டால் அந்த 2,000 தனிக் கணக்கில் சேரட்டும், அதில் தவறில்லை. அடுத்த மாதத்துத் தொகையை முன்பணமாக எடுப்பது மட்டும் எந்தக் காரணத்துக்கும் கூடாது. பட்ஜெட் உடையும்போது பெரும்பாலும் அங்கேதான் முதல் விரிசல் விழுகிறது.

2,000 போட்டு 2,000-க்கு மேல் இழக்கும் வழிகள்

வங்கிப் பக்கம் கதவை அடைத்தாகிவிட்டது. ஆனால் சில வகை டிரேடில் நஷ்டம், போட்ட பணத்தோடு நிற்காது. கணக்கு மைனஸில் போனால் புரோக்கர் அந்தத் தொகையை வட்டியோடு கேட்பார், அதைக் கட்டும் பொறுப்பு கணக்குதாரருடையது. அப்போது வீட்டுச் சேமிப்பைத் தொட வேண்டி வரும்.

இதற்கு மறக்க முடியாத உதாரணம் 2020 ஏப்ரல் 20. கமாடிட்டி சந்தையான எம்சிஎக்ஸில் கச்சா எண்ணெயின் ஏப்ரல் ஒப்பந்தம் அன்று ஆயிரம் ரூபாய்க்கும் கீழே வந்திருந்தது. இதற்குக் கீழே எங்கே போகும் என்று வாங்கியவர்கள் இருந்தார்கள். அன்று இரவு அமெரிக்கச் சந்தையில் விலை பூஜ்யத்துக்குக் கீழே இறங்கியது. எம்சிஎக்ஸ் அந்த ஒப்பந்தத்தை ஒரு பேரலுக்கு மைனஸ் 2,884 ரூபாய் என்று கணக்கு முடித்தது. ஒரு லாட் 100 பேரல். வாங்கிய விலை முழுவதும் போய், அதற்குமேல் லாட்டுக்கு 2,88,400 ரூபாய் கட்ட வேண்டியிருந்தது.

அன்றாடம் நடக்கக்கூடியவையும் உண்டு. இன்ட்ராடேயில் பங்குகளுக்கு அதிகபட்சம் ஐந்து மடங்கு வரை வாங்க விடுவார்கள். 2,000 ரூபாயை வைத்து 10,000 ரூபாய்க்கு வாங்கிய பங்கு, ஒரு நாளில் இறங்கக்கூடிய கீழ் எல்லையான லோயர் சர்க்யூட்டில் பூட்டிக்கொண்டால் வாங்க ஆளிருக்காது, அன்று விற்க முடியாது. அது டெலிவரியாக மாறும், முழு 10,000 ரூபாயும் கட்ட வேண்டும். முதலில் விற்றுப் பிறகு வாங்கும் ஷார்ட் டிரேடில் பங்கு மேல் எல்லையான அப்பர் சர்க்யூட்டில் பூட்டினால், கொடுக்கப் பங்கு இல்லாமல் ஏலத்துக்குப் போகும். அங்கே எந்த விலைக்கு முடிகிறதோ அதைக் கட்ட வேண்டும். ஆப்ஷன் விற்பதில் நஷ்டம், கைக்கு வந்த பிரீமியத்தைவிடப் பல மடங்கு போகலாம். ஆப்ஷன் வாங்குவதில் பிரீமியம் மட்டும்தான் போகும் என்பதும் பங்கு ஆப்ஷனில் முழு உண்மையல்ல. காலாவதி நாளில் அது லாபத்தில் இருக்கும்போது விற்காமல் விட்டால், 2019 அக்டோபரிலிருந்து எல்லாப் பங்கு ஒப்பந்தங்களுக்கும் பங்காகவே தீர்வு நடப்பதால், ஒரு லாட் பங்கின் முழு விலைக்கும் பொறுப்பு வந்துவிடும். அது பல லட்சம்.

ஆகவே 2,000 ரூபாய் பட்ஜெட் உண்மையில் 2,000-மாக இருக்க வேண்டுமானால் டெலிவரி மட்டும், அதுவும் கையில் உள்ள பணத்துக்கு மட்டும். புரோக்கர் தளத்தில் எஃப் அண்ட் ஓ, கமாடிட்டி பிரிவுகளை முடக்கிவிடுங்கள். பங்கு வாங்கக் கடன் தரும் எம்டிஎஃப் வசதியையும் முடக்குங்கள். இதில் இன்னொரு சேமிப்பும் உண்டு. இன்ட்ராடே அல்லது எஃப் அண்ட் ஓ ஒரு நாள் செய்தாலும் அது தொழில் வருமானமாகி ஐடிஆர்-3 தாக்கல் செய்ய வேண்டும், அதற்கான ஆடிட்டர் கட்டணமே ஒரு மாத பட்ஜெட்டைத் தாண்டிவிடலாம். டெலிவரியில் ஓராண்டுக்குள் விற்ற லாபம் குறுகிய கால மூலதன ஆதாயம், ஐடிஆர்-2 போதும்.

கடைசி ஓட்டை கண்ணுக்கே தெரியாது. குடும்பத்தின் மியூச்சுவல் ஃபண்டும் நீண்டகாலப் பங்குகளும் அதே டீமேட் கணக்கில் இருந்தால், அவற்றை ஈடு வைத்து மார்ஜின், அதாவது டிரேடுக்கான பிணைத் தொகை, வாங்க முடியும். சில கிளிக்கும் ஒரு ஓடிபியும் போதும். வங்கியிலிருந்து ஒரு ரூபாய்கூடப் போயிருக்காது, ஸ்டேட்மென்டிலும் தெரியாது. ஆனால் மகளின் படிப்புக்குச் சேர்த்த ஃபண்டு டிரேடுக்கு ஈடாக நின்றிருக்கும்.

"நம்ம எஸ்ஐபி எல்லாம் எந்த அக்கவுண்ட்டுல இருக்குதுங்க?"

"இதே டீமேட்லதான்."

"அதை மொதல்ல பிரிச்சிடுவோமுங்க."

புதிய எஸ்ஐபியை மனைவி பெயரிலோ, டீமேட் இல்லாமல் ஃபண்டு நிறுவனத்தில் நேரடியாகவோ தொடங்கலாம். பழைய யூனிட்டுகளை விற்க வேண்டாம். கணவர் பெயரில் வேறொரு புரோக்கரிடம் டீமேட் கணக்கு மட்டும் தொடங்கி அங்கே மாற்றிக்கொள்ளலாம். உரிமையாளர் மாறாததால் அந்த மாற்றத்துக்கு மூலதன ஆதாய வரி கிடையாது. அந்தக் கணக்கில் டிரேடிங் பிரிவு எதையும் திறக்காதீர்கள்.

மாதம் பத்து நிமிடம்

பாஸ்வேர்டைக் கேட்க வேண்டாம். ஒவ்வொரு டிரேடையும் பார்க்க ஆரம்பித்தால் அது விசாரணையாகிவிடும், அடுத்து மறைக்கும் பழக்கம் வரும். எது வாங்கலாம், எப்போது விற்கலாம் என்பது டிரேடிங் செய்பவருடைய முடிவு. வீட்டுக்குத் தேவை மூன்று எண்கள் மட்டும்: இந்த மாதம் சம்பளக் கணக்கிலிருந்து போனது, திரும்ப வந்தது, இன்றைய மொத்த மதிப்பு. ஒவ்வொரு மாதமும் 10-ஆம் தேதி ஒரு நோட்டில் எழுதுங்கள், டிரேடிங் செய்பவர் கையாலேயே.

டீமேட் கணக்குகளைப் பராமரிக்கும் டெபாசிட்டரியிலிருந்து மின்னஞ்சலில் வரும் ஒருங்கிணைந்த ஸ்டேட்மென்டையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சேர்ந்து பாருங்கள். ஒரு பான் எண்ணின் கீழ் உள்ள எல்லா டீமேட் கணக்குகளும் ஃபண்டுகளும் அதில் இருக்கும். பேச்சில் வராத இரண்டாவது டீமேட் கணக்கு இருந்தால் அங்கே தெரியும். எஃப் அண்ட் ஓ நிலைகள் மட்டும் அதில் வராது.

பட்ஜெட் உடைந்துவிட்டதா என்பதை நஷ்டத்தின் அளவு சொல்லாது, பணம் வந்த இடம்தான் சொல்லும். மதிப்பு 24,000-லிருந்து 9,000-க்கு இறங்கினாலும் பட்ஜெட் உடையவில்லை. நண்பரிடம் 3,000 கைமாற்று வாங்கிப் போட்டிருந்தால், கணக்கு லாபத்தில் இருந்தாலும் உடைந்துவிட்டது. கிரெடிட் கார்டில் வீட்டுச் செலவு திடீரென்று கூடுவது, கடன் ஆப்பிலிருந்து குறுஞ்செய்தி வருவது, சீட்டை அவசரமாக அதிகத் தள்ளுபடிக்கு எடுக்கலாம் என்று பேச்சு எழுவது, இவை மூன்றும் கவனிக்க வேண்டியவை. கிரெடிட் கார்டு பாக்கிக்கு மாதம் 3 சதவீதத்துக்கு மேல் வட்டி போகும் கார்டுகள் உண்டு. அந்தச் சுமையைத் தாண்டி எந்த டிரேடும் தொடர்ந்து ஓட முடியாது.

இப்படி ஒருமுறை நடந்தால் என்ன செய்வது என்பதையும் அமைதியாக இருக்கும்போதே எழுதிவையுங்கள். இவர்கள் எழுதியது இது:

"சம்பளக் கணக்கிலிருந்து மாதம் 2,000. 5-ஆம் தேதி ஒரே முறை. முன்பணம் இல்லை. டெலிவரி மட்டும். மொத்தம் 24,000 தாண்டினால் மீதி சேமிப்புக்கு. தொடர்ந்து மூன்று மாதம் மதிப்பு இறங்கினால் அடுத்த மூன்று மாதம் உத்தரவை நிறுத்துவது. வெளியிலிருந்து பணம் வந்தால் அந்தக் கடனை முதலில் அடைத்து, ஆறு மாதம் முழு நிறுத்தம். தொகையை மாற்றுவது ஏப்ரல் மாதம் மட்டும், இருவரும் சேர்ந்து."

"ஏப்ரல்ல சம்பளம் கூடினா ரெண்டாயிரத்தைக் கூட்டலாமில்ல?"

"கூடினா எஸ்ஐபியும் அதே அளவுக்குக் கூடட்டுமுங்க. அப்புறம் மிச்சத்தைப் பாத்துட்டுப் பேசலாம்."

அந்தத் தாளில் இருவரும் தேதி போட்டுக் கையெழுத்திட்டு நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டினார்கள். மறுநாள் திங்கட்கிழமை காலை முதல் வேலை, தனிக் கணக்கைத் தொடங்கிப் புரோக்கர் தளத்திலிருந்து சம்பளக் கணக்கை நீக்குவது.